அரை இன்ச் எங்கே இருக்கிறது?

ஹார்டுவேர் கடையில் அரை இன்ச் ஜி.ஐ. நிப்பிள் ஒன்றைக் கேட்டு வாங்கி, வீட்டுக்கு வந்ததும் அளந்து பாருங்கள். வெளிவிட்டம் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர் இருக்கும். தண்ணீர் ஓடும் துவாரம் சுமார் 16 மில்லிமீட்டர். அரை இன்ச் என்றால் 12.7 மில்லிமீட்டர். அந்த நிப்பிளை எந்தப் பக்கம் திருப்பி அளந்தாலும் 12.7 கிடைக்காது. கடைக்காரர் பில்லில் 15 எம்.எம். என்று எழுதியிருப்பார். அந்த 15-உம் அதில் எங்கும் இல்லை.

யாரும் ஏமாற்றவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்புக் குழாயின் சுவர் தடிமனாக இருந்தது. அன்றைய அரை இன்ச் குழாயின் உள்துவாரம் உண்மையிலேயே அரை இன்ச்சை ஒட்டித்தான் இருந்தது. பிறகு இரும்பின் தரம் உயர்ந்தது, சுவர் மெலிந்தது. சுவரை மெலிதாக்கும்போது உள்ளே குடையலாம், வெளியே சீவ முடியாது. காரணம், மரை வெட்டியிருப்பது வெளிப்பக்கம். வெளிவிட்டத்தை மாற்றினால் அதுவரை விற்ற எல்போ, டீ, சாக்கெட் எதுவும் பொருந்தாது. ஆகவே வெளிவிட்டம் அப்படியே நின்றது, துவாரம் பெரிதானது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. இன்று அரை இன்ச் என்பது ஓர் அளவின் பெயராக இருக்கிறதே தவிர, அளவாக இல்லை. 15 எம்.எம். என்பது அந்தப் பெயரின் மெட்ரிக் மொழிபெயர்ப்பு.

பெயர் ஒன்றாக இருந்து பொருளும் ஒன்றாக இருந்தால் இதில் சிக்கல் ஏதும் இல்லை. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரேலியா என்று உலகின் பெரும்பகுதியில் அரை இன்ச் குழாய் மரை ஒரே வகைதான். அதற்கு பி.எஸ்.பி. என்று பெயர், பிரிட்டிஷ் தரக் குழாய் மரை. அமெரிக்காவிலும் கனடாவிலும் அரை இன்ச் என்றால் என்.பி.டி. என்ற வேறொன்று. யாழ்ப்பாணத்தில் வாங்கிய குழாய் லண்டனில் பொருந்தும், டொராண்டோவில் பொருந்தாது. சிக்கலை மோசமாக்குவது, அது பொருந்தாது என்பது முதல் மூன்று நான்கு சுற்றுவரை தெரியாது என்பதுதான்.

ஒரு மரையை அடையாளம் காண மூன்று செய்திகள் வேண்டும். அதன் விட்டம் என்ன, அடுத்தடுத்த இரு முகடுகளுக்கு இடையே தூரம் எவ்வளவு, முகட்டின் இரு சரிவுகளும் எந்தக் கோணத்தில் சந்திக்கின்றன. இரண்டாவதை பிட்ச் என்பார்கள். இன்ச் மரைகளில் அதையே தலைகீழாக, ஓர் இன்ச் நீளத்தில் எத்தனை மரை என்று சொல்வது வழக்கம். மெட்ரிக் போல்ட்டில் எம் 8 என்றால் விட்டம் 8 மில்லிமீட்டர், வழக்கமான பிட்ச் 1.25 மில்லிமீட்டர். அங்கே பெயரே அளவு. குழாயில் அந்த வசதி கிடையாது.

கோணத்தின் கதை ஜோசப் விட்வொர்த்திடம் தொடங்குகிறது. மான்செஸ்டரில் பட்டறை வைத்திருந்த இயந்திரக் கலைஞர் அவர். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஒரு பட்டறையின் போல்ட்டுக்கு அடுத்த தெருப் பட்டறையின் நட் ஏறாது. விட்வொர்த் இங்கிலாந்தின் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைத் திரட்டி, அளந்து, சராசரி எடுத்தார். புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல், எல்லோரும் ஏறத்தாழ செய்துகொண்டிருந்ததன் நடுப்புள்ளியைத் தரமாக்கினார். கோணத்தின் சராசரி 55 பாகையை ஒட்டி வந்தது, அதையே வைத்துக்கொண்டார். முகடும் பள்ளமும் வளைவாக உருண்டிருக்க வேண்டும் என்றார். 1841-இல் லண்டன் சிவில் எஞ்சினியர்கள் கழகத்தின் முன் இதை வைத்தார். பிரிட்டிஷ் ரயில்வேயும் பிரிட்டிஷ் ஏற்றுமதியும் சென்ற இடமெல்லாம் அந்த 55 பாகையும் சென்றது.

அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் என்பவர் 1864 ஏப்ரலில் பிலடெல்பியாவின் ஃபிராங்க்லின் கழகத்தில் இதை மறுத்துப் பேசினார். அவர் வாதம் முழுக்கப் பட்டறைத் தரையிலிருந்து வந்தது. 55 பாகையைச் சரிபார்க்கும் அளவுகோலை ஒரு சாதாரணத் தொழிலாளி செய்ய முடியாது. 60 பாகை என்றால் சமபக்க முக்கோணம், எவரும் வரைந்துகொள்ளலாம். உருண்ட முகட்டை வெட்டத் தனித்தனி உளிகள் வேண்டும், தட்டையான முகடு என்றால் ஒரே உளி போதும். தேர்ந்த ஆள் குறைவாகவும் வேலை நிறையவும் இருந்த நாட்டுக்கு இது பொருத்தமான வாதம், எனக்கும் செல்லர்ஸ் பக்கமே நியாயம் இருப்பதாகப் படுகிறது. நான்கே ஆண்டுகளில் அமெரிக்கக் கடற்படை அவர் மரையை ஏற்றுக்கொண்டது.

குழாய்க்கு அங்கே வேறொருவர் வந்தார். பிலடெல்பியாவின் பாஸ்கல் இரும்பாலையில் பணியாற்றிய ராபர்ட் பிரிக்ஸ், 1860-களின் தொடக்கத்தில் குழாய் மரைக்கான அளவுகளை வகுத்தார். 60 பாகைக் கோணம், 16-க்கு 1 என்ற சரிவு. அதாவது குழாயின் வழியே 16 மில்லிமீட்டர் நகர்ந்தால் விட்டம் 1 மில்லிமீட்டர் மாறும். 1886-இல் அமெரிக்க உற்பத்தியாளர்கள் அதைத் தரமாக ஏற்றனர். இன்றைய என்.பி.டி. அதுவே. பிரிட்டிஷ் முறையின் சரிவு மரைக்கும் அதே 16-க்கு 1 சரிவுதான். கோணத்திலும் முகட்டு வடிவிலும் பிரிந்தவர்கள் சரிவில் ஒன்றாக நின்றார்கள்.

அரை இன்ச்சில் இருவரும் இன்னொன்றிலும் ஒன்றாக நின்றார்கள், வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. பி.எஸ்.பி. அரை இன்ச்சுக்கு ஓர் இன்ச்சில் 14 மரை. என்.பி.டி. அரை இன்ச்சுக்கும் 14 மரை. இரண்டிலும் பிட்ச் 1.814 மில்லிமீட்டர். முக்கால் இன்ச்சிலும் இருவருக்கும் 14. ஆனால் ஓர் இன்ச் குழாயில் பிரிட்டிஷ் முறைக்கு 11, அமெரிக்க முறைக்கு பதினொன்றரை. கால் இன்ச்சில் ஒருவருக்கு 19, மற்றவருக்கு 18. இந்த அளவுகளில் தவறு செய்தால் உடனே தெரிந்துவிடும். ஓர் இன்ச்சில் ஒவ்வொரு மரைக்கும் 0.1 மில்லிமீட்டர் வித்தியாசம் சேர்ந்துகொண்டே போவதால் கொஞ்சம் ஏறியதுமே சிக்கி நின்றுவிடும். பிளம்பர் கழற்றிப் பார்த்துவிட்டு "இது வேற த்ரெட்டு சார்" என்று கையில் கொடுத்துவிடுவார். அரை இன்ச்சும் முக்கால் இன்ச்சும் அந்த எச்சரிக்கையைத் தராது. நம் வீட்டுக் குளியலறையில் இருப்பவை பெரும்பாலும் இந்த இரண்டு அளவுகள்தான்.

விட்டத்தை அளந்து கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். பி.எஸ்.பி. அரை இன்ச் மரையின் வெளிவிட்டம் 20.955 மில்லிமீட்டர். என்.பி.டி. அரை இன்ச் வெட்டப்படும் குழாயின் வெளிவிட்டம் 21.34. வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. தவிர, என்.பி.டி. சரிவு மரை. அதன் நுனியில் வெர்னியரை வைத்தால் 20.7 போல வரும், உள்ளே தள்ளி வைத்தால் 21-ஐத் தாண்டும். எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்போது அந்த விடையால் பயனில்லை. மரையின் உயரத்தில் பாதியில் எடுக்கும் விட்டத்தைப் பார்த்தால் ஒற்றுமை இன்னும் அதிகம். கையால் இறுக்கி நிற்கும் இடத்தில் என்.பி.டி.க்கு அது 19.77, பி.எஸ்.பி.க்கு 19.79. இவ்வளவு நெருக்கம் இருப்பதால்தான் ஒன்று மற்றொன்றுக்குள் தயங்காமல் ஏறுகிறது.

உறுதியாகச் சொல்லக்கூடியது மரை கேஜ் ஒன்றுதான். பல் பல்லாக வெட்டிய மெல்லிய தகடுகளின் கொத்து அது. லேத் பட்டறைகளில் இருக்கும், விலையும் அதிகமில்லை. 55 பாகைக்கு ஒரு கொத்து, 60 பாகைக்கு ஒரு கொத்து என்று வாங்க வேண்டும். 14 என்று குறித்த தகட்டை மரையின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். சரியான தகடு வெளிச்சம் விடாமல் படியும். தவறான தகடு பல்லின் அடியிலோ நுனியிலோ கீற்றாக வெளிச்சம் விடும். ஒவ்வொரு சரிவிலும் வித்தியாசம் இரண்டரை பாகைதான் என்பதால் அவசரத்தில் தெரியாது, நிதானமாகப் பார்க்க வேண்டும். முகடு உருண்டிருக்கிறதா தட்டையாக இருக்கிறதா என்பதைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது கூடுதல் சாட்சி. அதை மட்டும் நம்பக்கூடாது, மட்டமான வார்ப்பில் உருண்டதும் தட்டையாகத் தெரியும்.

இவ்வளவு ஒத்துப்போனால் கலந்து போட்டால்தான் என்ன? தண்ணீர் எந்த இடத்தில் தடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது பதில்.

குழாய் இணைப்பில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் மரையே அடைப்பு. சரிவு மரை உள்ளே ஏற ஏற, ஆப்பு அடிப்பது போல இறுகுகிறது. ஒரு சுற்றுக்கு விட்டத்தில் 0.11 மில்லிமீட்டர் வீதம் நெருக்குகிறது. சரிவுகள் ஒன்றோடொன்று அழுந்துகின்றன. மிச்சம் இருக்கும் மயிரிழை இடைவெளியை டெஃப்லான் டேப்போ, பழைய ஆட்கள் சுற்றும் சணலோ நிரப்புகிறது. ஜி.ஐ. குழாயும் எல்போவும் சேரும் இடம் இப்படிப்பட்டது. இரண்டாம் வகையில் மரைக்கு அடைக்கும் வேலையே இல்லை. அது நட்டை இழுத்து ஒரு ரப்பர் வாஷரை அழுத்துகிறது, வாஷர் தண்ணீரைத் தடுக்கிறது. ஷவர் ஹோஸின் நட், வாஷ்பேசின் கனெக்ஷன் ஹோஸின் நட் எல்லாம் இந்த வகை. இங்கே மரை நேராக இருக்கும், சரிவு கிடையாது. இந்தியத் தரங்களும் இவற்றைப் பிரித்தே வைத்திருக்கின்றன, மரையால் அடைபடும் இணைப்புக்கு ஐ.எஸ். 554, மற்றதற்கு ஐ.எஸ். 2643. சர்வதேசக் குறியீட்டில் ஃபிட்டிங்கின் மேல் ஆர் என்று பொறித்திருந்தால் சரிவு வெளிமரை, ஜி என்றால் நேர் மரை. இரண்டும் 55 பாகைக் குடும்பம்தான்.

வாஷர் இணைப்பில் மரை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், நட் நாலு சுற்று ஏறி வாஷரை அழுத்திவிட்டால் வேலை முடிந்தது. மரையே அடைப்பாக இருக்கும் இடத்தில் அப்படி முடியாது. ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம்.

அமெரிக்காவிலிருந்து திரும்பும் ஒருவர் அங்கே வாங்கிய ஷவர் டைவர்ட்டர் ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வருகிறார். சுவருக்குள் புதைக்கும் பித்தளை உடல், நான்கு பக்கமும் அரை இன்ச் உள்மரை. சென்னையில் கட்டும் வீட்டில் சி.பி.வி.சி. பைப் ஓடுகிறது. பிளம்பர் பித்தளை வெளிமரை கொண்ட எம்.டி.ஏ. எடுத்து, டேப் சுற்றி, டைவர்ட்டரில் ஏற்றுகிறார். கையால் மூன்று நான்கு சுற்று நன்றாகப் போகிறது. பிறகு ஸ்பேனரால் இறுக்குகிறார். கைக்கு எல்லாம் வழக்கம்போல்தான் தெரியும்.

உள்ளே நடப்பது வேறு. அமெரிக்க மரையின் பல் உயரம் 1.45 மில்லிமீட்டர் போல. பிரிட்டிஷ் மரையின் பல் உயரம் 1.16. நடுவிட்டம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், நம் ஊர் வெளிமரையின் குட்டையான முகடு, அமெரிக்க உள்மரையின் ஆழமான பள்ளத்தின் அடியைத் தொடுவதில்லை. சுற்றிலும் ஏறத்தாழ 0.13 மில்லிமீட்டர் இடைவெளி நிற்கிறது. சரிவுகளும் கோணம் ஒவ்வாததால் முழுப் பரப்பிலும் படியாமல் ஒரு விளிம்பில் மட்டும் தொடுகின்றன. அந்த இடைவெளி மரையோடு சேர்ந்து திருகிக்கொண்டே போகிறது. 20 மில்லிமீட்டர் விட்டத்தில் நான்கு சுற்று என்றால் கால் மீட்டர் நீளமுள்ள, தலைமுடி அளவே அகலமுள்ள ஒரு திருகுச் சுரங்கம். அதன் ஒரு வாய் தண்ணீருக்குள், மறு வாய் சுவருக்குள்.

டேப் அதை அடைத்துவிடும், சில காலம். டேப் மெலிதான, வழுக்கும் பொருள். இரு உலோகச் சரிவுகளுக்கு நடுவே நசுங்கி இருக்கும்போது நிலைத்து நிற்கும். திறந்த சுரங்கத்துக்குள் பிடிப்பில்லாமல் கிடக்கும்போது தண்ணீரின் அழுத்தம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். வெந்நீர்க் குழாயில் இன்னும் சீக்கிரம், ஏனென்றால் பித்தளை சூடாகி விரிந்து ஆறிச் சுருங்குகிறது.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு மறைப்பும் உண்டு. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு ஒவ்வொரு பத்து மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். தொட்டிக்கு மூன்று நான்கு மீட்டர் கீழே உள்ள குளியலறையில் 0.4 பார்கூட இராது. அந்த அழுத்தத்தில் இணைப்பு உலர்ந்தே தெரியும், டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். ஒரு வருடம் கழித்து ஷவர் வேகம் போதவில்லை என்று பிரஷர் பம்பு போடுவார்கள். அழுத்தம் 2, 3 பாராக உயரும். அதற்குப் பிறகுதான் பின்னறைச் சுவரில் பெயின்ட் உப்பும். எல்லோரும் டைல்ஸ் இடுக்கையும் வாட்டர் புரூஃபிங்கையும் குறை சொல்வார்களே தவிர, மரையைப் பற்றிய நினைப்பே வராது. ஆகவே புதைக்கும் ஃபிட்டிங் எதுவானாலும் பூசும் முன் கைப்பம்பு வைத்து அழுத்தம் ஏற்றி, எல்லா வாயையும் அடைத்து, முள் இறங்குகிறதா என்று சில மணி நேரம் பார்ப்பது அவசியம். வீட்டில் என்றாவது வரப்போகும் அழுத்தத்தைவிட ஒன்றரை மடங்கு ஏற்ற வேண்டும். தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது.

இதன் எதிர்த்திசையில் இன்னொரு விபத்து நடக்கும். அமெரிக்க என்.பி.டி. வெளிமரையை நம் பிளாஸ்டிக் உள்மரையில் ஏற்றினால், உயரமான தட்டை முகடு ஆழம் குறைந்த பள்ளத்தின் அடியில் முட்டும். பித்தளையாக இருந்தால் இறுக்க முடியாமல் சீக்கிரமே நின்றுவிடும். பிளாஸ்டிக் விட்டுக்கொடுக்கும். இறுக்குபவருக்கு நன்றாகப் பிடிக்கிறது என்று தோன்றும், ஃபிட்டிங்கின் சுவரோ வெளிப்பக்கம் தள்ளப்பட்டு விறைத்து நிற்கும். அது அன்றே உடைய வேண்டும் என்றில்லை. சில நாள் கழித்து, ஆள் இல்லாத நேரத்தில், நீளவாக்கில் கீறல் விடும். சாக்கெட்டின் நீளவாக்கில் நேர்கோடாகக் கீறல் தெரிந்தால் தண்ணீர் அழுத்தத்தைச் சந்தேகிக்கும் முன் மரையைச் சந்தேகியுங்கள்.

இனி மறுதிசைப் பயணம். அமெரிக்காவுக்குக் குடியேறும் நம்மவர்கள் பிரஷர் குக்கரோடு சேர்த்து ஹெல்த் ஃபாசெட்டையும் எடுத்துப் போகிறார்கள். அங்குள்ள கழிவறையில் அது இருக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஒரு குடும்பம் சென்னையிலிருந்து டல்லாஸ் போய், பெட்டியிலிருந்து ஃபாசெட், ஒரு மீட்டர் ஹோஸ், ஒரு டீ ஆகியவற்றை எடுத்து வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றிலும் அரை இன்ச் பி.எஸ்.பி. இங்கே ஆங்கிள் காக்கின் வாயில் அந்த டீ நேராக ஏறும், ஃபிளஷ் டேங்கின் அடியில் உள்ள வாயும் அதே அரை இன்ச்.

டல்லாஸ் வீட்டில் சுவர் வால்வின் வாய் விரல் பருமன்கூட இல்லை. அதன் பெயர் மூன்றெட்டு கம்ப்ரெஷன். மூன்றெட்டு இன்ச், நம் கொத்தனார் பாஷையில் மூணு நூல், உள்ளே நுழையும் செம்புக் குழாயின் வெளிவிட்டம். மரையின் விட்டம் ஒன்பதின் கீழ் பதினாறு இன்ச், அதாவது 14.3 மில்லிமீட்டர், ஓர் இன்ச்சில் 24 மரை. நம் டீ அதன் மேல் தொப்பிபோல் உட்காரும். சரி, டேங்கின் அடியில் போடலாம் என்று நிமிர்ந்தால் அங்கே உள்ள மரை ஏழெட்டு இன்ச், 22.2 மில்லிமீட்டர். நம் டீயின் உள்மரை அதன் மேல் ஏறாது, சிறியது.

அங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்த ஏழெட்டு இன்ச் மரைக்கும் ஓர் இன்ச்சில் 14. அமெரிக்க ஹோஸின் பிளாஸ்டிக் நட்டை நம் டீயின் 20.955 மில்லிமீட்டர் வெளிமரையில் வைத்துத் திருகினால் அது ஏறும். நட்டின் பற்களுக்கு இடையே உள்ள துவாரம் சுமார் 20.5, ஆகவே பற்கள் ஒன்றையொன்று மில்லிமீட்டரின் கால் பாகம்கூடக் கவ்வியிருக்காது. பிட்ச் ஒத்துப்போவதால் கை எந்தத் தடங்கலையும் உணராது. முழுக்க இறுக்கும்போது நட் ஒரு பல் வழுக்கி மறுபடியும் தளரும். தளரும் நட்டை இன்னும் இறுக்கிவிடலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அமெரிக்க வீடுகளில் குழாய் அழுத்தம் பொதுவாக 3 முதல் 5 பார் வரை, அதுவும் இருபத்து நான்கு மணி நேரமும். வழுக்கும் நட்டை அந்த அழுத்தத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போனால் திரும்பி வரும்போது கார்பெட் ஊறியிருக்கும். அங்கே வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் கட்டப்படுபவை, மாடியில் கொட்டிய தண்ணீர் கீழ்வீட்டுக் கூரைக்கு இறங்கிவிடும்.

தீர்வு சுலபமானது. டீயை மட்டும் அங்கே வாங்க வேண்டும். டேங்க் பக்கமும் ஹோஸ் பக்கமும் ஏழெட்டு இன்ச், பக்கவாட்டில் அரை இன்ச் வெளிமரை, கூடவே ஒரு சின்ன வால்வு. இந்த அமைப்பில் பிடே டீ என்று அங்கே கடைகளில் கிடைக்கிறது. அந்தப் பக்கவாட்டு அரை இன்ச் நேர் மரையாக இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். அது ஏறத்தாழ 21 மில்லிமீட்டர், 14 மரை. நம் ஊர் ஹோஸின் நட் அதில் ஏறி, உள்ளிருக்கும் ரப்பர் வாஷரை அழுத்தும். இங்கே 55-உம் 60-உம் கலந்தாலும் கவலையில்லை, தண்ணீரைத் தடுப்பது வாஷர். இந்த இடத்தில் டேப் சுற்றத் தேவையில்லை. சுற்றினால் நட் முழுதாக இறங்காமல் வாஷர் சரியாக அழுந்தாத நிலைகூட வரலாம். பயன்படுத்தாத நேரத்தில் அந்தச் சின்ன வால்வை மூடி வைப்பது நல்லது, நம் ஹோஸ் தொட்டித் தண்ணீரை எண்ணிச் செய்ததாக இருக்கலாம்.

ஷவர் தலை மட்டும் கொண்டுபோனாலும் கொண்டுவந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சுவரிலிருந்து நீளும் கையில் சரிவு மரை இருந்தாலும், தலைக்குள் வாஷர் இருக்கிறது. அதைத் தாண்டித் தண்ணீருக்கு எதிர்ப்பு ஏதும் இல்லை, துளைகள் வழியே கொட்டிவிடுகிறது. அப்படியே ஒரு சொட்டு கசிந்தாலும் விழுவது குளியலறைத் தரையில்தான். கண்ணுக்குத் தெரியும் இணைப்பில் செய்யும் சமரசத்தைச் சுவருக்குள் செய்யக்கூடாது, அவ்வளவுதான்.

சமரசமே வேண்டாம் என்பவர்களுக்கு அடாப்டர் உண்டு. ஒரு பக்கம் பி.எஸ்.பி., மறுபக்கம் என்.பி.டி. என்று வெட்டிய பித்தளைத் துண்டு. கம்ப்ரெஸர், ஹைட்ராலிக் ஃபிட்டிங் விற்பவர்களிடம் கேட்டால் கிடைக்கும், சாதாரண சானிட்டரி கடையில் தேடி அலைய வேண்டாம். கிடைக்காவிட்டால் அறுகோணப் பித்தளைத் தண்டு ஒன்றில் ஒரு லேத் பட்டறைக்காரர் வெட்டித் தருவார். அவரிடம் அமெரிக்க ஃபிட்டிங்கைக் கையில் கொடுத்து, 60 பாகை, 16-க்கு 1 சரிவு என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 14 மரையைப் பார்த்ததும் தன்னிடம் இருக்கும் பி.எஸ்.பி. டையை எடுத்துவிடுவார், நீங்கள் காசு கொடுத்து அதே சிக்கலைத் திரும்ப வாங்கி வருவீர்கள்.

இவ்வளவு தொல்லைக்கு ஏன் யாரும் முடிவு கட்டவில்லை? போல்ட்டுக்குக் கட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் விமான எஞ்சினைத் தயாரிக்க ஏற்றபோது, பிரிட்டிஷ் மரை வெட்டும் கருவிகளை அமெரிக்காவில் தேடியும் கிடைக்காமல் தானே செய்துகொள்ள வேண்டியிருந்தது. இத்தகைய அனுபவங்களின் பின்னால், 1948 நவம்பர் 18 அன்று வாஷிங்டனில் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஒரே மரைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டன. பிரிட்டன் தன் 55 பாகையை விட்டுக்கொடுத்து 60-க்கு வந்தது. மெட்ரிக் போல்ட்டும் 60 பாகைதான். செல்லர்ஸ் வென்றார்.

குழாயில் அந்த வெற்றி செல்லவில்லை. போல்ட் தன் நட்டோடு சேர்ந்து வருகிறது. பழைய மாடல் இயந்திரம் நின்று புதிய மாடல் வரும்போது இரண்டையும் சேர்த்து மாற்றிவிடலாம். குழாய்க்கு ஜோடி ஏற்கெனவே சுவருக்குள், தெருவுக்கு அடியில், ஐம்பது வருடம் முன்பு புதைத்த வரிசையில் இருக்கிறது. நாளை விற்கும் எல்போ அதோடு சேர வேண்டும். எந்த ஆண்டு மாற்றினாலும் அந்த ஆண்டின் புதுக் குழாய் அதற்கு முந்தைய எல்லாக் குழாய்க்கும் அந்நியமாகிவிடும். அதனால்தான் மெட்ரிக் முறையைத் தீவிரமாகப் பின்பற்றிய பிரான்சும் ஜெர்மனியும்கூட வீட்டுக் குழாயில் விட்வொர்த்தின் 55 பாகையையும் இன்ச் கணக்கையும் விடவில்லை. பிரிட்டன் போல்ட்டில் கைவிட்ட மரையை ஐரோப்பா குழாயில் காப்பாற்றி வைத்திருக்கிறது.

குளியலறையில் உண்மையான மெட்ரிக் மரையைப் பார்க்க வேண்டுமென்றால் குழாயின் வாய்க்குப் போக வேண்டும். தண்ணீரில் காற்றைக் கலந்து நுரைக்க வைக்கும் சல்லடை, ஏரேட்டர், அங்கே திருகப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய முறையில் அது எம் 24, பிட்ச் 1 மில்லிமீட்டர், அல்லது எம் 22, அதே பிட்ச். அமெரிக்க முறையில் பதினைந்தின் கீழ் பதினாறு இன்ச், 23.8 மில்லிமீட்டர், ஓர் இன்ச்சில் 27 மரை, அதாவது பிட்ச் 0.94. இதுவும் மயக்கும் நெருக்கம்தான். ஆனால் இங்கே பிட்ச் ஒத்துப்போகவில்லை, ஆகவே இரண்டாம் சுற்றிலேயே கை தெரிந்துகொள்ளும். ஸ்பேனரை எடுக்காமல் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மீறி இறுக்கினால் கெடுவது ஐம்பது ரூபாய் ஏரேட்டராக இராது, அதைத் தாங்கும் குழாயின் மெல்லிய பித்தளை வாய், அதற்குத் தனி உதிரி பாகம் கிடையாது.